நாடி 39 என்று காட்டிய மெசினும் ஹோல்டர் அறிக்கையும்

கேள்வி: எனக்கு 54 வயது. திருகோணமலை, உப்புவெளியில் இருக்கிறேன். நெஞ்சுக்குள் ஏதோ தடக்கிவிட்டு அடிப்பது போல இருந்ததால் 24 மணித்தியாலமும் இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியைப் பூட்டிப் பார்த்தார்கள். மிகக் குறைந்த துடிப்பு 44, சராசரி 73, மிகக் கூடியது 141, வி.ஈ. 3,120, எஸ்.வி.ஈ. 58 என்று அறிக்கை வந்திருக்கிறது. போன மாதம் ஒரு பின்னேரம் வீட்டுப் பிரஷர் மெசின் நாடி 39 என்று காட்டியது. பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் குளிசை போடுகிறேன். கிளினிக்குக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. என் இதயம் நின்று நின்று ஓடுகிறதா? அறிக்கையின் பிரதியையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: இல்லை, உங்கள் இதயம் நிற்கவில்லை. அறிக்கையில் உள்ள எண்களுள் உங்களை அதிகம் பயப்படுத்திய 3,120இலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் 39 என்ற அந்த நாடிக்கான விளக்கமும் அதற்குள்தான் இருக்கிறது.

வி.ஈ. என்று குறிப்பது, இதயத்தின் கீழறையான இதயவறையிலிருந்து, அதன் முறை வருவதற்கு முன்பே முந்திக்கொண்டு எழும் மேலதிகத் துடிப்பை. 3,120 என்பதைத் தனியாகப் பார்த்தால் யாருக்கும் பெரிய எண்ணாகத்தான் தெரியும். ஆனால் அதை அன்று இதயம் அடித்த மொத்தத் துடிப்புகளோடு வைத்துத்தான் அளக்க வேண்டும். உங்கள் அறிக்கையில் வாசிக்கத்தக்க நேரம் 23 மணித்தியாலம் 20 நிமிடம், அதாவது 1,400 நிமிடம். சராசரி 73ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 102,200 துடிப்புகள் வரும். அவற்றுள் 3,120 என்பது நூற்றுக்கு மூன்று. இந்த வீதம் பத்தைத் தாண்டும்போதுதான் மேலதிகத் துடிப்புகளே காலப்போக்கில் இதயத் தசையைத் தளரச் செய்யக்கூடும் என்று நாங்கள் கவனிக்கத் தொடங்குகிறோம்; இருபதைக் கடந்தவர்களில் அந்த அபாயம் இன்னும் கூடுதலாக இருக்கிறது. நூற்றுக்கு மூன்று உள்ள உங்களுக்கு, இதயத்தின் அமைப்பு நன்றாக இருக்குமானால், இந்தத் துடிப்புகளை எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை. அந்த ‘இருக்குமானால்’ என்ற சொல்லுக்குப் பிறகு வருகிறேன்.

மொத்த எண்ணிக்கைக்கு அடுத்து நான் பார்ப்பது, அவை எப்படி வந்தன என்பதை. ஒவ்வொன்றாகத் தனித்து வந்தனவா, இரண்டு இரண்டாகச் சேர்ந்து வந்தனவா, மூன்றும் அதற்கு மேலும் தொடர்ந்து ஓடினவா என்று அறிக்கை பிரித்துச் சொல்லும். உங்களுடையதில் இரட்டையாக வந்தவை நான்கே; மூன்று தொடர்ந்து வந்த ஓட்டம் ஒன்றுகூட இல்லை. அது நல்ல செய்தி. ஆனால் ‘பைஜெமினி’ என்ற ஒரு வரியும் அதில் இருக்கிறது. ஓர் இயல்பான துடிப்பு, அடுத்தது மேலதிகத் துடிப்பு, மறுபடி இயல்பானது, மறுபடி மேலதிகமானது என்று ஒன்றுவிட்டு ஒன்றாக அடிக்கும் ஒழுங்குக்குத்தான் அந்தப் பெயர். உங்களுக்கு அது சில நிமிடங்களாகப் பல தடவை வந்திருக்கிறது.

இப்போது பிரஷர் மெசினை நினைத்துப் பாருங்கள். மேலதிகத் துடிப்பு முந்தி வருவதால், இதயவறை இரத்தத்தால் நிரம்புவதற்கு நேரம் கிடைப்பதில்லை. பாதி நிரம்பிய அறை சுருங்கும்போது வெளியேறும் இரத்தம் மிகவும் குறைவு. அந்த அலை கைக்கு வந்து சேரும்போது விரலுக்கோ மெசினின் பட்டிக்கோ எட்டாமல் போய்விடலாம். பைஜெமினியில் நிமிடத்துக்கு 78 தடவை இதயம் துடித்தாலும், கைக்கு எட்டுவது அவற்றுள் பாதியாகிய 39 மட்டுமே. மெசின் எண்ணியது கைக்கு வந்த அலைகளை; ஹோல்டர் எண்ணியது இதயத்தின் மின் துடிப்புகளை. அந்தப் பின்னேரம் உங்களுக்கு ஈ.சி.ஜி. எடுக்கப்படாததால் நான் இதை உறுதியென்று சொல்ல முடியாது. ஆனால் அதே ஒழுங்கு ஹோல்டரில் பதிவாகியிருப்பதாலும், 39 என்பது உங்கள் வழமையான துடிப்பின் பாதிக்கு மிகக் கிட்ட நிற்பதாலும், இதுவே பெரும்பாலும் காரணம் என்று கருதுகிறேன். மறுபடி அப்படிக் காட்டினால், கிட்டிய வைத்தியசாலைக்குப் போய் அந்நேரமே ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு தாளில் விடை தெரிந்துவிடும்.

நீங்கள் ‘தடக்கிவிட்டு அடிப்பது’ என்று எழுதியதும் மிகச் சரியான சொல். முந்திய துடிப்பு பலமில்லாதது, அதனால் அது உங்களுக்குத் தெரிவதே இல்லை. அதற்குப் பின் ஒரு சிறு இடைவெளி வரும், அதுதான் தடக்கல். அந்த இடைவெளியில் அறை வழமையிலும் கூடுதலாக நிரம்புவதால், அடுத்த துடிப்பு நெஞ்சுச் சுவரில் ஓங்கி அடித்ததுபோல் இருக்கும். அறிக்கையில் மிக நீண்ட இடைவெளி 1.9 செக்கன் என்று இருப்பதும், பிரதியில் உள்ள ஈ.சி.ஜி. துண்டைப் பார்க்கையில், இப்படி ஒரு மேலதிகத் துடிப்பைத் தொடர்ந்து வந்ததே. விழித்திருக்கும் வேளையில் மூன்று செக்கனோ அதற்கு மேலோ இடைவெளி வந்தால் அது வேறு கதை. அதிலும் தலைசுற்றல் அல்லது மயக்கம் சேர்ந்திருந்தால் நாங்கள் தாமதிப்பதில்லை.

குறைந்த துடிப்பு 44 வந்த நேரம் விடியப்புறம் 3.10, நீங்கள் அப்போது நித்திரை. ஆழ்ந்த நித்திரையில் நாற்பதுகளுக்கு இறங்குவது ஆரோக்கியமானவர்களிலும் சாதாரணம். இதே 44 பகல் 11 மணிக்கு, நடந்து திரியும்போது, களைப்போடு வந்திருந்தால் என் பதில் மாறியிருக்கும். கூடிய துடிப்பு 141 பதிவான நேரத்துக்கு நேரே உங்கள் குறிப்பேட்டில் ‘கோணேசர் கோவில் ஏற்றம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கோட்டை வாசலிலிருந்து அந்த மேட்டை ஏறும் 54 வயதுக்காரரின் இதயம் 141க்குப் போவது இயல்பு. வரைபிலும் துடிப்பு படிப்படியாக ஏறி, இறங்கும்போது படிப்படியாகத் தணிந்திருக்கிறது. சும்மா இருந்தபடி, ஆழி போட்டதுபோல் சட்டென்று 141க்குத் தாவி, அதேபோல் சட்டென்று நின்றிருந்தால் அதன் காரணத்தைத் தேடியிருப்போம். சராசரி 73 பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அது இதயத்தின் ஒழுங்கைக் காட்டுவதில்லை. எஸ்.வி.ஈ. எனப்படும், மேலறைப் பக்கமிருந்து எழும் துடிப்புகள் 58 என்பதும் உங்கள் வயதில் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு.

அந்த ஏற்றத்தில் இன்னொன்றும் கவனித்தேன், அது எனக்கு 3,120ஐ விட முக்கியமாகப் பட்டது. மணித்தியாலவாரி அட்டவணையைப் பார்த்தால், மேலதிகத் துடிப்புகளில் 1,870 இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில், துடிப்பு மெதுவாக இருந்தபோது வந்திருக்கின்றன. நீங்கள் மேடு ஏறிய அந்த ஒரு மணித்தியாலத்தில் வந்தவை ஒன்பது மட்டுமே. உழைக்கும்போது மறைந்து, ஓய்வில் திரும்பி வருபவை பொதுவாக ஆபத்துக் குறைந்தவை. உழைப்போடு கூடிக்கொண்டு போகுபவற்றைத்தான் நாங்கள் கூடுதல் கவனத்தோடு ஆராய்வோம். இருந்தாலும் இது ஒரு சாய்வு மட்டுமே. இதை வைத்து மற்றப் பரிசோதனைகளைத் தவிர்க்கக்கூடாது.

உங்கள் குறிப்பேட்டில் இரவு 8.20க்கு ‘தடக்கியது’ என்று எழுதிய இடத்தில் மேலதிகத் துடிப்பு தெளிவாக இருக்கிறது. ஆனால் காலை 11.05க்கு ‘நெஞ்சு படபடப்பு’ என்று எழுதிய இடத்தில் 88 என்ற வேகத்தில் முற்றிலும் இயல்பான துடிப்பே பதிவாகியிருக்கிறது. அப்படியானால் இரண்டாவது உணர்வுக்கு மேலதிகத் துடிப்பைக் காரணம் சொல்ல முடியாது. இவ்வளவு கவனமாக நேரம் குறித்ததற்கு நன்றி. வெற்றுக் குறிப்பேட்டோடு வரும் ஹோல்டரில் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவே முடியாது.

எண்ணிக்கையில் ஒரு வரம்பு இருக்கிறது. முதலில் எண்ணுவது கணினி. நம்மூர் வெக்கையில் வியர்த்து, நெஞ்சில் ஒட்டிய வில்லை இளகினால், வயர் அசையும் கோணல் கோடுகளையும் அது வி.ஈ. என்று எண்ணிவிடலாம். ஆகவே ஒருவர் துண்டுகளைப் பார்த்துத் திருத்த வேண்டும். உங்கள் பதிவில் வாசிக்க முடியாமல் போன 40 நிமிடம் பிற்பகல் நேரத்தில் இருப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். இது போக, ஒரே ஆளிலேயே இந்தத் துடிப்புகள் நாளுக்கு நாள் மிகவும் மாறுபடும். அடுத்த முறை 2,000 என்று வந்தால் குணமாகிவிட்டது என்றோ, 4,500 என்று வந்தால் முற்றிவிட்டது என்றோ நினைக்க வேண்டாம்.

இனி, கிளினிக்கில் கேட்க வேண்டியவை. முதலாவது, இதயத்தை ஸ்கான் செய்து பார்க்கும் எக்கோ. மேலே ‘இருக்குமானால்’ என்றேன் அல்லவா, அதைத் தீர்மானிப்பது அதுதான். இதயவறை இயல்பான பருமனில், நன்றாகச் சுருங்குகிறது என்றால் 3,120 ஒரு தொந்தரவு மட்டுமே. பழைய மாரடைப்பின் தழும்போ தசைத் தளர்வோ தெரிந்தால், இதே எண்ணிக்கைக்கு வேறு பொருள் வரும். இதயநோய் நிபுணர் அதைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது, இரத்தத்தில் பொற்றாசியமும் மக்னீசியமும். நீங்கள் போடும் ஹைட்ரோகுளோரோதயசைட் சிறுநீரோடு இவை இரண்டையும் வெளியேற்றும். இவை குறைந்தால் இதயவறை எரிச்சலுற்று மேலதிகத் துடிப்புகள் பெருகும். இந்தப் பரிசோதனைக்கு மூன்று கிழமை காத்திருக்க வேண்டாம், இந்தக் கிழமையே செய்வியுங்கள். பொற்றாசியம் குறைந்திருந்தால் குளிசையை மாற்றுவதே சிகிச்சையாக அமையக்கூடும். ஆனால் நீங்களாக அதை நிறுத்த வேண்டாம், பொற்றாசியம் குளிசை வாங்கிப் போடவும் வேண்டாம்; அது அளவுக்கு மிஞ்சினால் குறைவதைவிட ஆபத்து. தைரொயிட், இரத்தசோகை ஆகியவற்றையும் அதே இரத்தத்தில் பார்த்துவிடலாம்.

தடக்கல் தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் பீற்றா புளொக்கர் வகைக் குளிசை ஒன்று தரப்படலாம். ஆனால் உங்களுக்கு இவை துடிப்பு மெதுவாகும்போது கூடுபவை. துடிப்பை இன்னும் மெதுவாக்கும் மருந்து பலன் தராமலும் போகலாம் என்பதை வைத்தியரோடு பேசுங்கள்.

மயங்கி விழுந்தாலோ, மேடு ஏறும்போது கண் இருட்டினாலோ, படபடப்போடு நெஞ்சுவலியோ மூச்சுமுட்டோ வந்தாலோ, அல்லது குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென இறந்திருந்தாலோ இந்தப் பதிலின் ஆறுதல் பொருந்தாது. குடும்பத்தில் அப்படி ஒரு மரணம் இருந்தால் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மற்றவை நேர்ந்தால் கிளினிக் நாளைப் பார்க்காமல் 1990க்கு அழைத்து, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். போகும்போது இந்த ஹோல்டர் அறிக்கையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.