குத்துவிளக்கும் மண்டப வாடகையும்

ஐயா, வணக்கம்.

மன்னார்குடி பக்கம் ஒரு தனியார் நவீன அரிசி ஆலையில் கொள்முதல் பார்க்கிறேன். எங்களுக்கு 26 கிலோ அரிசி பிடிக்கும் காலிப் பை சப்ளை செய்பவர் பல வருடப் பழக்கம், நல்ல மனிதர். தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். நேற்று வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார்: "அண்ணே, பாப்பா கல்யாணத்துக்கு நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒரு ஜோடி நம்ம செலவு. மண்டப வாடகையும் நான் பாத்துக்கறேன். நீங்க எதுவும் பேசக்கூடாது." மார்கழியில் அவரோடு பை விலை பேச வேண்டும். வாங்க எனக்கு மனமில்லை. ஆனால் சம்பா அறுவடையில் எல்லா ஆலையும் பைக்கு அலையும்போது எங்களுக்கு முதலில் அனுப்புகிறவர் அவர்தான். மங்கலப் பொருளை வேண்டாம் என்றால் மனம் புண்படும். எப்படி எழுதுவது? அவருக்குப் பத்திரிகை வைக்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

இன்றைக்கே எழுதிவிடுங்கள். நல்ல வாசகம் கிடைக்கட்டும் என்று இரண்டு நாள் யோசித்தால், அதற்குள் அவர் மண்டபத்துக்குப் போய் உங்கள் பெயரில் மீதித் தொகையைக் கட்டிவிடலாம். நம் ஊர்களில் மண்டப மேலாளரும் அவருக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார். இப்போது உங்கள் முன் இருப்பது ஒரு பேச்சு மட்டும்தான், அதை மறுப்பது எளிது. பணம் கட்டிய பிறகு "திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கேட்பதோ பெரும்பாடு. தவிர, "எதுவும் பேசக்கூடாது" என்று சொன்னவர் உங்கள் மௌனத்தைச் சம்மதமாகத்தான் எடுத்துக்கொள்வார்.

எழுதுவதற்கு முன் இரண்டு வேலைகள். முதலில் அந்தச் செய்தியை முதலாளியிடம் காட்டுங்கள். இது கோள் சொல்வது ஆகாது. உங்களுக்கு வந்த செய்தியை, உங்கள் முடிவோடு சேர்த்துக் காட்டுகிறீர்கள், அவ்வளவுதான். அவரே "ஆசைப்பட்டுத் தர்றான், வாங்கிக்கய்யா" என்று சொல்லக்கூடும். அப்போதும் வேண்டாம், காரணத்தைக் கீழே சொல்கிறேன். அடுத்தது, பை தருபவருக்கு ஒரு போன். எழுத்து மட்டும் போனால் அது நோட்டீஸ் மாதிரி இருக்கும். போன் மட்டும் பேசினால் "சும்மா மரியாதைக்குச் சொல்றார்" என்று நினைத்துக்கொள்வார். இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லி, "எழுத்திலும் அனுப்புறேன், தப்பா நினைக்காதீங்க" என்று முடித்துவிட்டு, அடுத்த பத்து நிமிடத்தில் கடிதத்தை அனுப்பிவிடுங்கள். அவர் வாட்ஸ்அப்பில் கேட்டதால் அங்கேயே பதில் போகட்டும். பிரதியை ஆலை மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். முதலாளிக்குப் பிரதி போட்ட அலுவலக மின்னஞ்சலாக அவருக்கு அனுப்ப வேண்டாம். நாலு பேர் முன்னால் நிறுத்தியது போல அவருக்குத் தோன்றும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"அன்புள்ள தம்பிக்கு, வணக்கம். மகள் கல்யாணத்துக்குக் குத்துவிளக்கும் மண்டப வாடகையும் தருவதாக எழுதியிருந்தீர்கள். அவளை உங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைத்துச் சொன்னது என்று எனக்குத் தெரியும். வீட்டிலும் சொன்னேன், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இரண்டையும் நான் பெற்றுக்கொள்ள முடியாது. ஆலைக்குப் பை வாங்கும் பொறுப்பில் இருக்கும்போது, பை தருகிறவரிடம் என் வீட்டுக்கென்று எதுவும் வாங்குவது சரியில்லை என்பது என் முடிவு. முதலாளியிடமும் இதைச் சொல்லிவிட்டேன். மண்டபத்திலோ விளக்குக் கடையிலோ முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம். கட்டியிருந்தால் இன்றே திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். நம் கொடுக்கல் வாங்கல் எப்போதும் போலத் தரம், விலை, நேரம் பார்த்து நடக்கும். கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்து பிள்ளைகளை ஆசீர்வதிக்க வேண்டும்."

இதில் சில இடங்களை மாற்றிவிடாதீர்கள். விளக்கு, வாடகை இரண்டையும் பெயர் சொல்லி மறுத்திருக்கிறேன். "உங்கள் அன்பு போதும்" என்று பொதுவாக எழுதினால் வாடகையைத்தான் மறுக்கிறீர்கள், விளக்கு வரலாம் என்று அவர் எடுத்துக்கொள்வார். உங்களுக்கும் அந்த ஆசை வரலாம், விளக்கு மங்கலப் பொருள்தானே என்று. நாச்சியார்கோவில் விளக்குக்குப் பித்தளை எடைதான் விலை. மேடையில் வைக்கும் பெரிய ஜோடி சின்னத் தொகையில் முடியாது. ஒன்றை வாங்கி ஒன்றை விட்டால் அது பேரம்.

"இப்போதைக்கு வேண்டாம்", "இவ்வளவு பெரிதாக எதற்கு" என்றெல்லாம் எழுத வேண்டாம். முதலாவதற்கு வளைகாப்பின்போது பதில் வரும், இரண்டாவதற்கு நாளைக்கே சின்ன விளக்கு வரும். "விளக்கு ஏற்கெனவே வாங்கிவிட்டோம்" என்ற பொய்யும் உதவாது. வெள்ளியில் ஒன்று கிளம்பிவிடும். ஆலையில் எழுதி வைத்த விதி இல்லாதபோது "கம்பெனி ரூல்" என்று சொன்னால், அவர் முதலாளியிடமே அனுமதி கேட்டு வந்துவிடுவார். அதனால்தான் "என் முடிவு" என்று எழுதியிருக்கிறேன். அதை யாரிடமும் போய் மாற்ற முடியாது. லஞ்சம் என்ற சொல்லோ அதன் சாயலோ எங்கேயும் வரக்கூடாது. மனிதரின் நோக்கத்தை நல்லதாக வைத்துவிட்டு, உங்கள் பொறுப்பைக் காரணம் காட்டினால் போதும்.

"யாரிடமும் எதுவும் வாங்கியதே இல்லை" என்று நான் எழுதாததற்கும் காரணம் உண்டு. தீபாவளிக்கு அவர் அனுப்பிய ஸ்வீட் பாக்ஸை நீங்கள் வாங்கியிருக்கலாம். அதை அவர் மறந்திருக்க மாட்டார். இனி வரும் இனிப்பை அலுவலக மேஜையிலேயே பிரித்து எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். அதற்குக் கடிதம் வேண்டாம்.

சமாதானமாக இருக்கட்டும் என்று "அடுத்த ஆர்டரும் உங்களுக்குத்தான்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மார்கழிப் பேச்சில் உங்கள் கையை நீங்களே கட்டிக்கொண்ட மாதிரி ஆகும்.

முதலாளியே வாங்கிக்கொள்ளச் சொன்னாலும் ஏன் வேண்டாம் என்பதற்கு இப்போது வருகிறேன். சர்க்கரை ஆலை ஒன்றின் கொள்முதல் பிரிவில் பல வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், கொடுத்தவர் அதை விலையை ஏற்றி எடுப்பது அபூர்வம். விலை ஏறினால் கணக்கில் தெரியும். எடுப்பது சரக்கில். உங்கள் பையையே எடுத்துக்கொள்ளுங்கள். பேசியது ஒரு எடை. கொஞ்ச நாள் கழித்துப் பை ஒன்றுக்குச் சில கிராம் குறையும், நெசவு கொஞ்சம் விலகும், அடித்தையல் ஒற்றையாக வரும். கோடவுனில் அடுக்கு ஏற ஏற அடியில் இருக்கும் மூட்டை வாய் பிளக்கும், லாரியில் அரிசி சிந்தும். தராசில் பத்துப் பையை ஒன்றாகப் போட்டு, பேசிய எடையோடு ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம் இது. ஆனால் மகள் கல்யாணத்தில் அவர் விளக்கு எரிந்திருந்தால், நீங்கள் அந்தப் பத்துப் பையைத் தராசில் போட மாட்டீர்கள். அவர் ஏமாற்ற நினைக்காவிட்டாலும், நீங்கள் பார்க்காமல் விடுவீர்கள். அந்த நஷ்டம் முதலாளிக்குத்தான்.

கடிதம் போனதும் பெரும்பாலும் வரும் பதில்: "சரிண்ணே, அப்ப மொய்யா வச்சிடறேன்." நம் பக்கத்தில், குறிப்பாகப் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம், மொய் என்பது நோட்டில் ஏறி திரும்பிச் செய்ய வேண்டிய கணக்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை மறுத்தால் மனிதரையே மறுத்த மாதிரி ஆகும். அதனால் நான் ஒரே ஒரு அளவு வைத்துக்கொள்வேன். அவர் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் எவ்வளவு செய்தீர்களோ, இல்லை உங்கள் சம்பளத்தில் எவ்வளவு செய்ய முடியுமோ, அந்த அளவு வரை வாங்கலாம். அதற்கு மேல் உறை கனத்தால், மீதியை மறுநாளே திருப்பிக் கொடுத்து, "மொய்யில் இவ்வளவு பெற்றேன், மீதியைத் திருப்பிவிட்டேன், நன்றி" என்று ஒரு வரி அனுப்புங்கள்.

நீங்கள் ஆலையில் இருக்கும் நேரத்தில் விளக்கு வீட்டுக்கே வந்துவிடுவதும் நடக்கும். வீட்டில் இன்றே சொல்லி வையுங்கள்: உள்ளே எடுத்து வைக்க வேண்டாம், பொட்டு வைக்க வேண்டாம், டிரைவரை உட்காரவைத்து உங்களுக்கு போன் செய்யட்டும். ஏற்றிய விளக்கைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வராது. திருப்பி அனுப்பும்போது வெறுமனே அனுப்பாமல் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து அனுப்புங்கள். அவர் வீட்டுப் பெண்களுக்கு அந்த மரியாதை புரியும். கூடவே, "விளக்கு ஒரு ஜோடி இந்தத் தேதியில் திருப்பி அனுப்பப்பட்டது" என்ற சீட்டில் டிரைவரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கணக்கில் உங்கள் பெயரில் ஒரு செலவு ஏறியிருந்தால், அது திரும்பியதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தச் சீட்டுதான்.

கூட்டுறவுச் சங்கத்திலோ நுகர்பொருள் வாணிபக் கழகத்திலோ வேலை பார்க்கும் வாசகர்களுக்கு இந்த வழி பொருந்தாது. அங்கே 1988-ஆம் வருட ஊழல் தடுப்புச் சட்டம் வருகிறது. 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவர் மீதும் நேரடியாக வழக்கு வரும். அவர்கள் தனிப்பட்ட வாட்ஸ்அப்பில் சமாதானம் பேசாமல், மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் அலுவலகம் வழியாகவே அனுப்ப வேண்டும்.

சம்பா நேரத்தில் பை வருமா என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். அவர் உங்களுக்கு முதலில் அனுப்புவதற்கு உங்கள் மேல் உள்ள பிரியம் ஒரு காரணம். உங்கள் ஆலை ஒழுங்காகப் பணம் கொடுப்பது இன்னொரு காரணமாக இருக்கும். அதை இன்னும் உறுதியாக்குங்கள். அவர் உதயம் பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளர் என்றால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் போய்விட வேண்டும் என்பது சட்டம். ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். கடிதம் அனுப்பிய மறுநாளே அவருடைய நிலுவை பில்லை எடுத்துப் பாருங்கள். கெடு வந்திருந்தால் கட்ட வையுங்கள். வழக்கமான ஆர்டர் பேச்சு இருந்தால் அன்றைக்கே பேசுங்கள். நாலு நாள் தள்ளிப் பேசினால் கோபம் என்று நினைப்பார். மார்கழியில் விலை பேசும்போது இன்னும் இரண்டு பேரிடம் விலை வாங்கி வைத்துக்கொண்டு முதலாளியையும் உட்காரவைத்துப் பேசுங்கள். நேர்மையைக் காட்டுகிறேன் என்று இவரிடம் மட்டும் அதிகமாகக் கறார் பண்ணவும் வேண்டாம். அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

பத்திரிகை தாராளமாக வையுங்கள். கடிதம் போய் ஒரு வாரமாவது ஆகட்டும். அவருடைய கம்பெனிக்குப் போகாமல் வீட்டுக்கு, உங்கள் மனைவியோடு போய், தட்டில் வைத்துக் கொடுங்கள். பை பேச்சை அன்று எடுக்காதீர்கள். அவரே எடுத்தால், "நாளைக்கு ஆலையிலேருந்து போன் பண்றேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, மறுநாள் மறக்காமல் போன் பண்ணுங்கள்.