போல்ட் பக்கத்துக்கு என்ன தலைப்பு வைப்பது? கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பொருள் பக்கத்தின் தலைப்பு `Leading Manufacturer and Exporter of Quality Fasteners`. வெளிநாட்டு விசாரணை எதுவும் வருவதில்லை. என்ன குறை?

பதில்: என்ன பொருள் என்பதே அதில் இல்லை. வாங்குபவரின் மேசையில் ஒரு பொருள் பட்டியல் இருக்கும். அதில் தரநிலை எண், உலோகத் தரம், அளவு ஆகியவை இருக்கும். அவற்றைப் பார்த்து அப்படியே `DIN 933 A4-70 M12x40` என்று தட்டச்சு செய்கிறார். `Leading` என்று எவரும் தேடுவதில்லை; தன்னைத் தானே முன்னணி என்று சொல்லாத நிறுவனமும் இல்லை. முழு மரை கொண்ட துருப்பிடிக்காத எஃகு அறுகோண போல்ட்தான் உங்கள் பொருள் என்றால் நான் இப்படி எழுதுவேன்:

```
DIN 933 Hex Bolts M6-M24, A4-70 Stainless Steel
```

இடைவெளிகளையும் சேர்த்து 47 எழுத்துகள். கூகுள் எழுத்துகளை எண்ணுவதில்லை, அகலத்தைப் பார்த்தே வெட்டுகிறது. கணினித் திரையில் ஏறக்குறைய 60 எழுத்துகள் தெரியும். மிஞ்சும் இடத்தில் நிறுவனப் பெயரைக் கடைசியில் சேருங்கள். வெட்டுப்பட்டாலும் போவது பெயர்தான்.

கேள்வி: அப்படியானால் `ISO 4017`, `316`, `1.4401` என்று இணையான பெயர்கள் அனைத்தையும் தலைப்பில் அடுக்கிவிட்டால் எல்லா நாட்டுக்காரர்களும் வருவார்கள் அல்லவா?

பதில்: பாதி சரி. `316`, `1.4401` இரண்டும் ஏறத்தாழ ஒரே வகை எஃகைக் குறிப்பவை. ஆனால் போல்ட்டின் மேல் பொறித்திருப்பது `A4-70`, ஆர்டரில் வருவதும் அதுதான். மற்ற பெயர்களைப் பக்கத்தின் அட்டவணையில் போட்டால் போதும்.

`DIN 933`, `ISO 4017` சங்கதி வேறு. முதலாவது திரும்பப் பெறப்பட்ட பழைய தரநிலை. இரண்டாவதுதான் அதன் இடத்துக்கு வந்தது. இருந்தும் வாங்குபவர்கள் பலர் பழைய எண்ணையே எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்று என்று நினைத்தால் எம்12-இல் மாட்டிக்கொள்வீர்கள். பழைய தரநிலையில் அதன் தலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 19 மி.மீ.; புதியதில் 18. எம்10-இல் 17, 16. எம்8-இலும் எம்16-இலும் வித்தியாசமே இல்லை. அதனால்தான் எம்8 வாங்கியவர் வாய் திறக்க மாட்டார், எம்12 வாங்கியவர் 18 ஸ்பேனர் ஏறவில்லை என்று சரக்கைத் திருப்பி அனுப்புவார். கிடங்கில் ஓர் எம்12-ஐ எடுத்து வெர்னியரில் அளந்து பாருங்கள். 19 வந்தால் `DIN 933`, 18 வந்தால் `ISO 4017`; அந்த ஒன்று மட்டும் தலைப்பில் இருக்கட்டும். இரண்டையும் தயாரித்தால் இரண்டு பக்கங்கள் வையுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்தின் உச்சியில் பெரிய சிவப்பு எழுத்தில் தலைப்பு ஏற்கெனவே இருக்கிறதே? வடிவமைப்பாளர் படமாகவே செய்து கொடுத்தார்.

பதில்: நீங்கள் சொல்வது பதாகை. நான் சொல்வது பக்கத்தின் மூல நிரலில் `<title>` என்ற குறிக்குள் இருக்கும் வரி. உலாவியின் தாவலில் தெரிவது அது. தேடல் முடிவில் வரும் நீல வரியும் பெரும்பாலும் அதுவே. பெரும்பாலும் என்றதற்குக் காரணம், அந்த வரி பொருத்தமில்லை என்று பட்டால் பக்கத்துக்குள் இருக்கும் தலைப்பை எடுத்து கூகுளே மாற்றிப் போடும். ஆகவே படத்தை எடுத்துவிட்டு உண்மையான எழுத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒரே பொருளைச் சொல்லட்டும்.

கேள்வி: நான் கொள்முதல் துறையில் இருக்கிறேன். தரநிலையோடு `EN 10204 3.1` சான்றிதழையும் சேர்த்துத்தான் தேடுவேன். அதை ஏன் தலைப்பில் சொல்லவில்லை?

பதில்: நியாயமான கேள்வி. ஒவ்வொரு உருக்குத் தொகுதிக்கும் அந்தச் சான்றிதழைத் தர முடிகிற ஆலை, நிறுவனப் பெயரைக்கூட எடுத்துவிட்டு அதைப் போடலாம். கேட்டால் மட்டும் கூடுதல் கட்டணத்தில் தருபவர் பக்கத்துக்குள் எழுதுவதே நேர்மை. ஆனால் உங்களைப் போல அதையும் தட்டச்சு செய்து தேடுபவர்கள் எத்தனை பேர் என்பது துறைக்குத் துறை மாறும். பொதுவிதி சொல்ல மாட்டேன்.

கேள்வி: எங்களிடம் 300 அளவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம், தனித் தலைப்பு வேண்டுமா?

பதில்: எண் மட்டும் மாறி மற்றதெல்லாம் நகலாக இருக்கும் 300 பக்கங்களை நான் விரும்புவதில்லை. ஒவ்வொரு அளவுக்கும் வரைபடம், எடை, இருப்பு எனத் தனித் தகவல் இருந்தால் நன்றாகவே ஓடும் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியவில்லை. முதலில் ஒரே பக்கத்தில் எல்லா அளவுகளையும் அட்டவணையாக, `M12x40` என்று எழுத்திலேயே வையுங்கள். சில மாதங்கள் கழித்து கூகுளின் சர்ச் கன்சோலில் நாடு வாரியாகத் தேடல் சொற்களைப் பாருங்கள். ஏதோ ஓர் அளவு திரும்பத் திரும்பத் தேடப்பட்டு, உங்கள் பக்கம் முடிவுகளில் தோன்றியும் எவரும் சொடுக்கவில்லை என்றால், அந்த அளவுக்கு மட்டும் தனிப் பக்கம் போடுங்கள்.