64,000 ரூபாய் கட்டினால் பத்து லட்ச ரூபாய் பங்கு கிடைக்குமா?

கேள்வி: பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சேர்ந்தபோது 2,400 ஆப்ஷன், கிராண்ட் விலை 40 ரூபாய், நான்கு வருட வெஸ்டிங் என்று, ஊழியருக்குப் பங்கு வாங்கும் உரிமை தரும் ஈசாப் திட்டக் கடிதம் கொடுத்தார்கள். முதல் வருடம் முடிந்ததும் 600, அதன் பிறகு மாதம் 50. இப்போது 2 வருடம் 8 மாதம் ஆகிறது. ஒரு பங்கின் மதிப்பு 640 ரூபாய் என்கிறார்கள். வேறு வேலை கிடைத்திருக்கிறது. விலகிய 90 நாளுக்குள் எக்ஸர்சைஸ் செய்யாவிட்டால் எல்லாம் போய்விடுமாம். 64,000 ரூபாய் கட்டினால் பத்து லட்ச ரூபாய் பங்கு கைக்கு வரும், விடாதே என்கிறார் நண்பர். கட்டலாமா? சம்பளம் வருடம் 22 லட்சம், புதிய வரிமுறையில் இருக்கிறேன்.

பதில்: 64,000 ரூபாயோடு முடியாது. வரியையும் சேர்த்தால் ஏறக்குறைய மூன்றரை லட்சம் ரூபாய் ரொக்கமாகத் தேவைப்படும். அதைக் கொடுத்து வாங்கும் பங்கை அடுத்த நாளே விற்கவும் சந்தை கிடையாது. அதனால் மொத்தத்தையும் இப்போதே எடுக்கச் சொல்ல மாட்டேன். காரணம் புரிய, உங்கள் கடிதத்தில் இருக்கும் மூன்று சொற்களும் உண்மையில் எதைக் குறிக்கின்றன என்று பார்த்துவிடுவோம்.

கிராண்ட் விலை 40 என்றால், பின்னாளில் மதிப்பு எவ்வளவு ஏறினாலும் 40 ரூபாய்க்கே வாங்கிக்கொள்ளலாம் என்று நிறுவனம் கொடுத்த வாக்கு. ஆப்ஷன் என்பது பங்கு அல்ல. வாங்கும் உரிமை மட்டும்தான். கையில் ஆப்ஷன் இருப்பதால் டிவிடெண்டும் வராது, ஓட்டும் கிடையாது. அதை இன்னொருவருக்கு விற்கவோ மாற்றித் தரவோ முடியாது.

அந்த உரிமையை வேலை பார்த்த காலத்தால் சம்பாதிப்பதுதான் வெஸ்டிங். கிராண்ட் செய்த நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடம் கழித்தே முதல் வெஸ்டிங் நடக்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்ட விதி. உங்கள் முதல் 600 அப்படித்தான் வந்தது. பிறகு 20 மாதத்துக்கு 50 வீதம் 1,000. ஆக 1,600 உங்களுடையது. மீதி 800 விலகும்போது காலாவதியாகிவிடும். அதற்காகப் பேரம் பேசிப் பயன் இருக்காது. ஆனால் நோட்டீஸ் காலத்தைக் கவனியுங்கள். சில திட்டங்களில் கடைசி வேலை நாள் வரை வெஸ்டிங் ஓடும். சிலவற்றில் ராஜினாமா கடிதம் கொடுத்த அன்றே நின்றுவிடும். இரண்டு மாத நோட்டீஸ் என்றால் வித்தியாசம் 100 ஆப்ஷன். ஈசாப் திட்ட ஆவணத்தில் எந்தத் தேதி எழுதியிருக்கிறது என்று ராஜினாமாவுக்கு முன்பே படித்துவிடுங்கள். 90 நாள் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்பதும் அங்கேதான் இருக்கும். கீழே உள்ள கணக்கை 1,600-க்கே போட்டிருக்கிறேன்.

எக்ஸர்சைஸ் என்பது 40 ரூபாயைக் கட்டி ஆப்ஷனைப் பங்காக மாற்றிக்கொள்வது. வெஸ்டிங் நாளில் வரி இல்லை; எக்ஸர்சைஸ் நாளில் உண்டு. அன்றைய சந்தை மதிப்புக்கும் நீங்கள் கட்டும் விலைக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிடப்படும். பங்கை விற்றீர்களா, காசு வந்ததா என்று வருமான வரிச் சட்டம் கேட்பதில்லை. உங்கள் நண்பர் விட்டுவிட்டது இதைத்தான்.

கணக்கு இதோ. பங்குக்கு 600 ரூபாய் வித்தியாசம். 1,600 பங்குக்கு 9,60,000 ரூபாய். உங்கள் 22 லட்சத்தில் நிலைக்கழிவு 75,000 போக வரிக்கு உட்படும் சம்பளம் 21,25,000. 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் 20 லட்சத்துக்கு மேல் 24 லட்சம் வரையிலான பகுதிக்கு 25 சதவீதம், அதற்கு மேல் 30 சதவீதம். ஆகவே இந்த 9,60,000-இல் முதல் 2,75,000-க்கு 68,750 ரூபாய், மீதி 6,85,000-க்கு 2,05,500 ரூபாய். 4 சதவீத செஸ்ஸையும் சேர்த்தால் வரி 2,85,220 ரூபாய். பங்கின் விலையாக 64,000. மொத்தம் 3,49,220. புதிய வேலையில் சம்பளம் கூடினால் 25 சதவீதத்தில் வரும் பகுதி சுருங்கி, வரி இன்னும் சற்று ஏறும்.

இந்த வரியை நிறுவனம் டி.டி.எஸ். ஆகப் பிடிக்க வேண்டும். நீங்கள் விலகிய பிறகு பிடிப்பதற்குச் சம்பளம் இருக்காது. அதனால் வரித் தொகையை முன்கூட்டியே கட்டச் சொல்வார்கள். கட்டாமல் பங்கு உங்கள் டீமேட் கணக்குக்கு வராது. 90-ஆவது நாள் 64,000 ரூபாயோடு போய் நிற்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நேர்மாறான சிக்கலும் உண்டு. அடுத்த நிதியாண்டில் எக்ஸர்சைஸ் செய்தால், பழைய நிறுவனத்துக்கு உங்கள் புதிய சம்பளம் தெரியாது. இந்தத் தொகை மட்டுமே உங்கள் வருமானம் என்று எண்ணி, வரியைக் குறைவாகவோ பிடிக்காமலோ விட்டுவிடலாம். அது சலுகை அல்ல. பாக்கி வரி, கணக்குத் தாக்கல் செய்யும்போது வட்டியோடு வந்து சேரும். புதிய நிறுவனத்திடம் இந்த வருமானத்தைச் சொல்லிவிடுங்கள், அல்லது முன்கூட்டிய வரியாக நீங்களே கட்டிவிடுங்கள்.

ஸ்டார்ட்அப் ஊழியர்களுக்கு இந்த வரியைத் தள்ளிவைக்கும் சலுகை உண்டே என்று யாராவது சொல்வார்கள். உண்டு. ஆனால் மத்திய அரசின் அமைச்சகங்களுக்கு இடையிலான வாரியத்தின் சான்றிதழ் பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு மட்டும். ஸ்டார்ட்அப் என்று பதிவு செய்திருந்தால் போதாது. தவிர, பங்கை விற்றாலோ வேலையை விட்டாலோ சலுகை அன்றோடு முடியும். விலகப்போகும் உங்களுக்கு அது உதவாது.

அடுத்து, அந்த 640 ரூபாய் என்ன எண் என்று கேளுங்கள். இது மிக முக்கியம். பட்டியலிடாத நிறுவனத்தில் வரிக்கான மதிப்பை, செபியில் பதிவு பெற்ற நிதி ஆலோசனை நிறுவனமான ஒரு மெர்ச்சன்ட் பேங்கர் கணித்துத் தர வேண்டும். எக்ஸர்சைஸ் நாளுக்கு 180 நாள் முன்பு வரையிலான தேதியில் கணித்த அறிக்கை செல்லும். நிறுவனம் கடைசியாக முதலீடு திரட்டிய சுற்றில் முதலீட்டாளர்கள் கொடுத்த விலை வேறு எண். ஹெச்.ஆர். வாயில் வருவது பெரும்பாலும் இரண்டாவதுதான். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மெர்ச்சன்ட் பேங்கர் மதிப்பு 400 ரூபாய் என்றால் உங்கள் வரியும் அதற்கேற்பக் குறையும்.

முதலீட்டாளர் விலையை உங்கள் பங்கின் விலையாக எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் வாங்குவது வழக்கமாக முன்னுரிமைப் பங்கு. உங்களுக்கு வருவது சாதாரண ஈக்விட்டி. நிறுவனம் விற்கப்பட்டால் முதலில் அவர்கள் போட்ட பணம் திரும்ப வேண்டும் என்ற ஒப்பந்தம் இருக்கும். 120 கோடி போட்டிருக்கிறார்கள், நிறுவனம் 100 கோடிக்குக் கைமாறுகிறது என்று வையுங்கள். அத்தனையும் அவர்களுக்கே போகும். 40 ரூபாய்க்கு வாங்கிய பங்குக்கும் அன்று ஒன்றும் மிஞ்சாது.

இனி லாப நட்டம். 3,49,220-ஐ 1,600-ஆல் வகுத்தால் பங்குக்கு உங்கள் உண்மையான அடக்கம் சுமார் 218 ரூபாய், 40 அல்ல. என்றாவது 640-க்கே விற்றால் மேற்கொண்டு வரி இல்லை, ஏனென்றால் 640-க்கு ஏற்கெனவே வரி கட்டிவிட்டீர்கள்; கையில் நிற்பது 6,74,780 ரூபாய். இரண்டு வருடம் தாண்டி 1,000 ரூபாய்க்கு விற்றால் கூடுதலான 360 ரூபாய்க்கு மட்டும் 12.5 சதவீத நீண்டகால மூலதன ஆதாய வரி. செஸ்ஸோடு 74,880 ரூபாய். இரண்டு வருடத்துக்குள் விற்றால் அந்த ஆதாயத்துக்கு உங்கள் வரி விகிதமே பொருந்தும்.

விலை 300-க்கு இறங்கிவிட்டால்? 4,80,000 ரூபாய் வரும். செலவு போக 1,30,780 மிஞ்சும். கணக்குப் புத்தகத்திலோ 640-இலிருந்து 300-க்கு இறங்கிய வகையில் 5,44,000 ரூபாய் மூலதன நட்டம். இந்த நட்டத்தைச் சம்பளத்தோடு கழிக்க முடியாது. முன்பு கட்டிய 2,85,220-இல் ஒரு ரூபாயும் திரும்பாது. எட்டு வருடம் வரை நட்டத்தை எடுத்துச் சென்று மூலதன ஆதாயத்தோடு மட்டுமே ஈடுகட்டலாம். வராத காசுக்கு வரி கட்டிய நிலைமை இதுதான், இதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

என் யோசனை: 500 ஆப்ஷனை மட்டும் எக்ஸர்சைஸ் செய்வதைப் பற்றி யோசியுங்கள். விலை 20,000, கூடுதல் வருமானம் 3,00,000, வரி 79,300. ஒரு லட்சத்துக்குள் முடிகிறது. வித்தியாசத்தின் பெரும்பகுதி 25 சதவீதத்திலேயே அடங்கிவிடுகிறது. அந்த ஒரு லட்சம் முழுவதும் போனாலும் வீட்டுச் செலவு தடுமாறாது என்றால் மட்டும் செய்யுங்கள். தனிநபர் கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ ஒரு ஆப்ஷனைக்கூட எடுக்க வேண்டாம். பங்கு எப்போது காசாகும் என்று தேதி இல்லை. கடனின் தவணைக்குத் தேதி உண்டு. 90 நாள் மார்ச் 31-ஐத் தாண்டி ஓடினால் மொத்தத்தையும் இரண்டு நிதியாண்டில் பாதி பாதியாகச் செய்யும் வழியும் இருக்கிறது. ஆனால் இதே மதிப்பிலும் சம்பளத்திலும் வரிச் சேமிப்பு 14,300 ரூபாய்தான். பணம் புரட்டக் கூடுதல் நாள் கிடைப்பதே அதில் பெரிய லாபம்.

இந்த முடிவை மாற்றக்கூடியது ஒன்றே: நிறுவனமே பங்குகளைத் திரும்ப வாங்கும் திட்டம், அல்லது செபியிடம் ஐ.பி.ஓ. ஆவணம் தாக்கல் செய்திருப்பது. ஐ.பி.ஓ.வுக்கு முன் இருக்கும் பங்குதாரர்களைக் கட்டும் ஆறு மாத விற்பனைத் தடை, ஈசாப் வழியாக ஊழியர் பெற்ற பங்குகளுக்கு இல்லை. வேலையை விட்டவருக்கும் இந்த விலக்கு உண்டு. அப்படி ஒரு வழி எழுத்தில் தெரிந்தால் 1,600-ஐயும் எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. மீட்டிங்கில் சொன்ன வாய்மொழியை வைத்து எடுக்காதீர்கள்.

ராஜினாமா கடிதத்துக்கு முன்னால் ஹெச்.ஆரிடம் மின்னஞ்சலில் நான்கு விஷயம் கேட்டு வாங்குங்கள்: கடைசி நாளில் வெஸ்ட் ஆகியிருக்கும் எண்ணிக்கை, 90 நாளின் கடைசித் தேதி, மெர்ச்சன்ட் பேங்கர் அறிக்கையின் தேதியும் மதிப்பும், பங்கை வெளியாருக்கு விற்க நிறுவன விதிகளில் உள்ள கட்டுப்பாடு. கூடவே, எக்ஸர்சைஸ் காலத்தை நீட்டிக்க முடியுமா என்றும் கேளுங்கள். சில நிறுவனங்கள் விலகும் ஊழியருக்குச் சில வருடம் வரை நீட்டித்துக் கொடுக்கின்றன. நீட்டித்தால் காசு வரும் வழி தெரியும்வரை ஒரு ரூபாயும் கட்டாமல் காத்திருக்கலாம். பங்கு எடுத்துவிட்டால், அந்த வருடத்திலிருந்து ஐ.டி.ஆர்-1 படிவம் உங்களுக்குப் பொருந்தாது, ஐ.டி.ஆர்-2-இல் பட்டியலிடாத பங்குகளின் விவரத்தை, கையில் இருக்கும் வருடமெல்லாம் காட்டி வர வேண்டும்.