மவுஸ் கைவிட்டால் நம்பர் பேட்: சில கேள்விகள்

விண்டோஸ் கணினி. மவுஸ் செத்துவிட்டது. செட்டிங்ஸுக்குள் போகவே மவுஸ் வேண்டுமே, எப்படி?

வேண்டாம். இடப்பக்கத்து Alt, இடப்பக்கத்து Shift, Num Lock மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பெட்டி வந்து Mouse Keys போடலாமா என்று கேட்கும். Tab தட்டி Yes-க்குப் போய் Enter. அப்புறம் நம்பர் பேடில் 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம். மூலை எண்கள் சாய்வாகப் போகும். 5 தான் கிளிக்.

போட்டேன். 4 அழுத்தினால் அம்பு நகரவில்லை, 4 என்றே விழுகிறது.

Num Lock-ஐ ஒருமுறை தட்டிப் பாருங்கள். அது எந்த நிலையில் இருக்கும்போது அம்பு நகரவேண்டும் என்று ஒரு அமைப்பு உண்டு. உங்கள் கணினியில் அது எதிர்ப்பக்கம் இருக்கலாம். மேல் வரிசை எண்களைத் தட்டிவிட்டு ஏமாறுகிறவர்களும் உண்டு. நானே தட்டியிருக்கிறேன்.

5-ஐ இரண்டு முறை தட்டினால் டபுள் கிளிக். அப்புறம் + எதற்கு?

தட்டினால் ஆகும், அது சரிதான். ஆனால் இரண்டு தட்டுக்கும் இடையே நேரம் கூடிவிட்டால் அது இரண்டு தனி கிளிக் ஆகிவிடும். கை நடுங்குகிறவர்களுக்கு + ஒரே தட்டில் வேலையை முடித்துவிடும்.

என் அப்பாவின் கணினியில் எதைக் கிளிக் செய்தாலும் மெனு விரிகிறது. வைரஸா?

வைரஸ் இல்லை. எப்போதோ கழித்தல் குறியைத் தட்டியிருப்பார். அது வலது பட்டனைத் தேர்ந்துவிடும். அதன்பின் ஒவ்வொரு 5-ம் வலது கிளிக்தான். / தட்டினால் இடது பட்டனுக்குத் திரும்பும்.

இதையே ஃபைல் இழுப்பதிலும் நினைவில் வையுங்கள். முதலில் / தட்டி, அம்பை ஃபைல் மேல் நிறுத்தி 0 அழுத்துங்கள்; பிடித்துக்கொள்ளும். கையை எடுத்துவிடலாம். எண்களால் நகர்த்தி ஃபோல்டர் மேல் வந்ததும் புள்ளியைத் தட்டினால் விட்டுவிடும். புள்ளியை மறந்தால் அம்பு போகும் இடமெல்லாம் ஃபைல் கூடவே வரும்.

நத்தை வேகம். திரையின் கோடிக்குப் போவதற்குள் டீ ஆறிவிடுகிறது.

Win+U தட்டினால் அணுகல்தன்மை அமைப்புகள் திறக்கும். அங்கே Mouse Keys பகுதியில் வேகத்தைக் கூட்டலாம். Ctrl பிடித்தால் வேகம், Shift பிடித்தால் மெது என்ற தேர்வும் அங்கேதான். அதைப் போடாமல் Ctrl பிடித்துப் பயனில்லை. தூரத்துக்கு Ctrl, சின்னப் பட்டனை நெருங்கும்போது Shift. உண்மையில் Tab-ஆல் போக முடிந்த இடத்துக்கு அம்பை ஓட்டாமல் இருப்பதே வேகம்.

என் லேப்டாப்பில் நம்பர் பேடே இல்லை. Fn பிடித்து U, I, O அழுத்தினால் எண் வரும் என்றார்கள், வரவில்லை.

சில பழைய லேப்டாப்களில் அந்த எழுத்துகளின் ஓரத்தில் சின்னதாக எண் அச்சாகியிருக்கும். அவற்றில்தான் அது நடக்கும். உங்களுடையதில் அச்சு இல்லையென்றால் தனி யூஎஸ்பி நம்பர் பேட் வாங்குவதே வழி. மேக் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை: அங்கே 7 8 9, U I O, J K L எழுத்துகளே அந்த வேலையைச் செய்கின்றன. அச்சு இருந்தும் வரவில்லை என்றால் மாடல் பெயரைச் சொல்லுங்கள், பார்ப்போம்.