கல்லாவில் பணம் குறைவது திருட்டா, பில் பிழையா?

கேள்வி: கூட்ட நேரத்தில் இரண்டு மூன்று பேர் பில் போடுகிறார்கள். ராத்திரி கணக்குப் பார்த்தால் பணம் இடிக்கிறது. யாரைக் கேட்பது?

முதலில் ஒரு கல்லாவுக்கு ஒரு ஆள், அவருக்கென்று தனி லாகின். மூன்று பேர் கை வைக்கும் கல்லாவுக்கு யாரும் பொறுப்பல்ல.

ஷிப்ட் முடிந்ததும், எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லாமல் அவரையே எண்ணி எழுதித் தரச் சொல்லுங்கள். தொகை தெரிந்தால் அதற்கேற்ப எண்ணிக்கை வந்துவிடும்! காலையில் வைத்த சில்லறை 2,000, ரொக்க விற்பனை 18,450. ஆக 20,450 இருக்க வேண்டும். எண்ணினால் 19,910. குறைவு 540. உடனே ஆளைச் சந்தேகிக்காதீர்கள், கார்டு மெஷினின் மொத்தத்தைப் பாருங்கள். அங்கே பில்லில் உள்ளதைவிட 540 கூடுதல் என்றால், கார்டில் வந்ததை ரொக்கம் என்று தட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பயப்பட வேண்டியது கல்லா சரியாக இருந்து சரக்கு குறையும்போதுதான். வாடிக்கையாளர் போனபின் பில்லை கேன்சல் செய்து பணத்தை எடுத்தால் கல்லா இடிக்காது. அதனால் கேன்சலுக்கு இன்னொருவர் கையெழுத்தும் அசல் பில்லும் கட்டாயம். பில்லே போடாமல் விற்றாலும் இதே கதைதான். அது சிக்குவது சரக்கை எண்ணும்போது மட்டும். விலை கூடிய சின்னப் பொருள்கள் நாலைந்தை மட்டும் தினமும் எண்ணினால் போதும்.