வாக்கியத்தை எண்ணினால் எழுதியவர் தெரிவாரா?

கல்லூரித் தமிழாசிரியை: ஒப்படைப்புக் கட்டுரைகளில் வாக்கியம் எல்லாம் அளந்து வெட்டியது போல ஒரே நீளம். ஏஐ எழுதியது என்று எடுத்துக்கொள்ளலாமா சார்?

கூடாதுங்க. இதைப் பாருங்கள்: "மழைநீர் சேகரிப்பு இன்றைய காலத்தின் முக்கியத் தேவையாகும். இது நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்தப் பெரிதும் உதவுகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு கிராமத்தில் மக்கள் ஒன்றிணைந்து குளத்தைத் தூர்வாரினார்கள்." சொற்களை எண்ணினால் 6, 6, 7. மெஷின் நடை என்று தோன்றும். ஆனால் நம் பள்ளிக்கூடத்தில் முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்று பழக்கிய பிள்ளை எழுதுவதும் இதேதான். பிழை வந்துவிடுமோ என்ற பயத்தில் சிறிய, பத்திரமான வாக்கியமாகவே எழுதுவார்கள். நீங்கள் எண்ணியது அந்தப் பழக்கத்தை. எழுதியது யார் என்பது அந்த எண்ணில் இல்லை.

பகுதிநேர மொழிபெயர்ப்பாளர்: நீளத்தை விடுங்கள், உதாரணம் காட்டிக்கொடுத்துவிடும். ஊர், ஆள், வருஷம் எதுவும் இல்லாமல் 'ஒரு கிராமத்தில்' என்று எந்த மனுஷன் எழுதுவான்?

பாதி சரி. எதுவும் சொல்லாமல் விட்டால் ஏஐ மாடல் எல்லோருக்கும் பொருந்தும் உதாரணத்தைத்தான் எடுக்கும். ஆனால் 'வாக்கிய நீளத்தை மாற்று, நிஜ இடம் சேர்' என்று ஒரு வரி கேட்டுவிட்டால் இப்படி வரும்: "மழைநீர் சேகரிப்பு. கேட்டாலே சலிப்பு. ஆனால் 2019 கோடையில் சென்னையின் நான்கு ஏரிகளும் வறண்டபோது, தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு விடியும்வரை நின்றவர்களுக்கு அது சலிப்பாக இருக்கவில்லை." இப்போது 2, 2, 15. உங்கள் கணக்குப்படி இவர் மனுஷர், முதல் பிள்ளை மெஷின்! இந்த அடையாளங்கள் ஏமாற்றத் தெரியாதவரைத்தான் பிடிக்கும். ஒரு வரி கூடுதலாகக் கேட்டவர் தப்பித்துவிடுவார். இன்னொன்று, ஊரும் வருஷமும் இருப்பதாலேயே விவரம் நிஜமாகிவிடாது. மாடல் இல்லாத ஊராட்சித் தீர்மானத்தைத் தேதியோடு எழுதும். விவரம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அது சரியா என்று தேடிப் பாருங்கள்.

ஒரு அப்பா: என் மகள் சொந்தமாக எழுதிய ஆங்கிலக் கட்டுரையைக் கண்டறியும் கருவி 'ஏஐ' என்று சொல்லிவிட்டது. அவளுக்கு ஆங்கிலம் சுமார்தான். அதனாலா?

அதுவே காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு. இந்தக் கருவிகள் பல, அடுத்த சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்று அளந்து, எளிதாக இருந்தால் ஏஐ என்று சொல்பவை. தெரிந்த சொற்களை வைத்தே எழுதுகிறவரின் அடுத்த சொல்லை யாரும் ஊகித்துவிடலாம். 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டார்கள். சராசரியாக 61 சதவீதத்துக்கு மேல் தவறாக ஏஐ என்று வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே கட்டுரைகளின் சொற்களை சாட்ஜிபிடியை வைத்து மெருகேற்றியதும் அந்தத் தவறு வெகுவாகக் குறைந்தது. மகளின் கைப்பிரதி, திருத்திய படிகள் இருந்தால் எடுத்து வையுங்கள்.

முதலாண்டு மாணவர்: எதற்கு இவ்வளவு? காப்பி பிடிக்கிற சாஃப்ட்வேரில் போட்டால் எங்கிருந்து எடுத்தது என்று காட்டிவிடுமே அண்ணா?

அது வேற விஷயம் தம்பி. காப்பி என்றால் பக்கத்தில் வைத்துக் காட்ட மூலம் இருக்கும். மாடல் புதிதாகக் கோத்த வரிக்கு அப்படி மூலம் கிடையாது, ஊகச் சதவீதம்தான் வரும். அதன் விலை என்ன என்று ஒரு கணக்குப் போடலாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ 2023 ஜனவரியில் விட்ட கண்டறியும் கருவி, ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாகப் பிடித்தது. 100 பேரில் 10 பேர் ஏஐ பயன்படுத்தினார்கள் என்று வையுங்கள். அந்தப் பத்தில் இரண்டு மூன்று பேர் சிக்குவார்கள். மீதி 90-இல் எட்டுப் பேர் சும்மா சிக்குவார்கள். அந்தக் கருவியை அதே வருஷம் ஜூலையில், துல்லியம் போதவில்லை என்று அவர்களே எடுத்துவிட்டார்கள்.

கல்லூரித் தமிழாசிரியை: 60 கட்டுரை மேசையில் இருக்கிறது. நான் என்னதான் செய்ய?

சந்தேகம் வந்தவரை மட்டும் தனியாகக் கூப்பிடாதீர்கள், எல்லோரிடமும் ஒன்றைக் கேளுங்கள். கூகுள் டாக்ஸில் எழுதச் சொன்னால் பதிப்பு வரலாறு இருக்கும். முழுப் பக்கமும் ஒரே நொடியில் வந்து விழுந்திருந்தால் பேச ஒரு காரணம் கிடைக்கும். ஆனால் வேறு திரையைப் பார்த்துத் தட்டினால் அதுவும் தெரியாது. அப்புறம், கட்டுரையில் ஒரு வரியைக் காட்டி 'இந்தக் குளம் எங்கே இருக்கிறது, யார் சொன்னார்கள்?' என்று இரண்டு நிமிஷம் கேளுங்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை இதிலும் திணறும், அதனால் பதிலை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, 'ஒரு கிராமத்தில்' என்ற உதாரணத்துக்கு யார் எழுதியிருந்தாலும் குறையுங்கள். அங்கே குற்றச்சாட்டே தேவையில்லை.

கல்லூரித் தமிழாசிரியை: அப்படியானால் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி நேர்மையாக எழுதியவனுக்கும் குறையுமே!

குறையும். எனக்கும் இதில் முழு நிம்மதி இல்லை. குறைந்தபட்சம், எழுதச் சொல்லும் முன்பே 'உதாரணத்தில் ஊரும் பெயரும் வேண்டும்' என்று சொல்லிவிடுங்கள்.