பச்சைப் புடவையும் ஏழு எமோஜியும்

அன்புள்ள அக்கா,

ஆபீஸில் வேறு டீமில் இருக்கும் ஒருவரோடு இரண்டு மாதமாக வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. ஆபீஸ் பொங்கல் விழா முடிந்த மறுநாள் இப்படி அனுப்பினேன்: "ஹாய் 😊😊 நேத்து அந்தப் பச்சைப் புடவை சூப்பர் 😍😍🔥 கண்ணை எடுக்கவே முடியல 😂😂". கூடவே ஒரு வடிவேலு ஸ்டிக்கர். "ஹாஹா தேங்க்ஸ்" என்று பதில் வந்தது. அப்புறம் கேன்டீனில் பார்த்தபோது சிரித்துக்கொண்டே, "ஸ்கூல் பையன் மாதிரி மெசேஜ் பண்றீங்க" என்றார். எமோஜியே போடாமல் எழுதினால் ஆபீஸ் மெயில் மாதிரி இருக்கிறது. எவ்வளவு போடலாம், எதைப் போடலாம்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

முதலில் கடைசியில் இருக்கும் அந்த 😂😂. முழு மெசேஜிலும் நீங்கள் மனதில் இருந்ததைச் சொன்ன இடம் "கண்ணை எடுக்கவே முடியல" என்பது மட்டும்தான். சொன்ன கையோடு, விழுந்து விழுந்து சிரிக்கும் முகம் இரண்டை ஒட்டி அதைச் "சும்மா சொன்னேன்" ஆக்கிவிட்டீர்கள். கூச்சம் உள்ளவர்கள் பலரும் இதைச் செய்கிறார்கள். அவர் தப்பாக எடுத்துக்கொண்டால் "விளையாட்டுக்குச் சொன்னேங்க" என்று நழுவ ஒரு வழி வேண்டியிருக்கிறது. ஆனால் படிக்கிறவர் நிலையை யோசித்துப் பாருங்கள். நிஜமாகச் சொன்னதாக எடுத்துக்கொண்டு பதில் எழுதினால், இது காமெடி என்று ஆகிவிடுமோ? காமெடியாக எடுத்துக்கொண்டால், நிஜமாகவே சொல்லியிருந்தால்? இரண்டுக்கும் பொருந்துகிற ஒரே பதில் "ஹாஹா தேங்க்ஸ்". அதைத்தான் அவர் அனுப்பினார். பிள்ளைத்தனமாகத் தெரிந்ததற்கு எண்ணிக்கையும் காரணம்தான், ஆனால் பெரிய காரணம் சொன்ன சொல்லின் பின்னால் நிற்காமல் ஓடியது. ஆகவே மனதில் இருப்பதைச் சொல்லும் வரிக்குப் பக்கத்தில் 😂 வரவே வேண்டாம். அவர் சொன்ன ஜோக்குக்குத் தாராளமாகப் போடுங்கள்.

இனி மற்ற ஐந்து. எழுத்தில் குரல் கேட்காது. ஒரு வரியை இரண்டு விதமாகப் படிக்க இடம் இருந்தால், எந்தக் குரலில் சொன்னோம் என்று காட்டத்தான் எமோஜி. "இனிமே உங்க கூட டீ குடிக்க வரமாட்டேன்" என்று வெறுமனே வந்தால் கோபமா, செல்லக் கோபமா என்று தெரியாது. அங்கே ஒரு 😏 போட்டால் அர்த்தமே மாறுகிறது. "புடவை சூப்பர்" அப்படி இல்லை. அதை ஒரே விதமாகத்தான் படிக்க முடியும். அதன்மேல் 😍 போட்டால் அதே பாராட்டு இரண்டாம் முறை, இன்னொரு 😍 மூன்றாம் முறை, 🔥 நான்காம் முறை. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. எழுதி முடித்ததும் எமோஜியை எல்லாம் அழித்துவிட்டு வாய்க்குள் ஒருமுறை படியுங்கள். வரியின் அர்த்தமோ குரலோ மாறுகிற இடத்தில் மட்டும் ஒன்றைத் திரும்பப் போடுங்கள். உங்கள் மெசேஜை இப்படிப் படித்தால் ஏழில் ஒன்றுகூடத் திரும்ப வராது.

அப்படியானால் ஆபீஸ் மெயில் மாதிரி ஆகாதா என்பீர்கள். ஆகும், வாக்கியத்தை ஆபீஸ் மெயில் மாதிரி எழுதினால். தமிழில் பேச்சு மொழியே பாதி எமோஜி வேலையைச் செய்துவிடும், அதை நாம் பயன்படுத்துவதில்லை. "நேத்து சீக்கிரம் கிளம்பிட்டீங்க" என்பது வெறும் தகவல். "நேத்து சீக்கிரம் கிளம்பிட்டீங்களே" என்றால் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம் என்ற ஏக்கம் வந்துவிடுகிறது. "உங்களுக்கு ஞாபகம் இருக்கா" என்பதைவிட "உங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது" என்பதில் சீண்டல் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் முகம் தேவையே இல்லை. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் டைப் செய்தாலும் இதே கதைதான். முதலில் வாக்கியத்தில் குரலைக் கொண்டுவாருங்கள், மிச்சம் இருந்தால் எமோஜி.

எதைப் போடுவது என்பதில் ஒவ்வொன்றின் கனத்தையும் பார்க்க வேண்டும். 😊 லேசானது, எங்கும் பொருந்தும். 🙈 வெட்கத்துக்கு நல்லது, ஆனால் வரியில் வெட்கப்பட ஏதாவது ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். "குட் மார்னிங் 🙈" என்றால் எதற்கு என்று புரியாது. 😉 பாராட்டோடு சேர்ந்தால் இரட்டை அர்த்தம் ஆகிவிடுகிறது, அதனால் புடவை, கண், சிரிப்பு பற்றிய வரிகளில் தவிருங்கள். 🔥 உடம்பைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருக்கும், கூட வேலை பார்க்கிறவரிடம் அது வேண்டவே வேண்டாம். 😘 முத்தம். நேரில் கொடுக்கிற நிலை வராதவரை போனிலும் கொடுக்காதீர்கள். 🙂 பார்க்க அப்பாவியாக இருந்தாலும், இளைஞர்களில் பலர் அதைக் கடுப்பை அடக்கிக்கொண்ட சிரிப்பாகத்தான் படிக்கிறார்கள். 😁 போன்ற பல் தெரியும் முகங்களிலும் குழப்பம் உண்டு. 2016-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மாதிரி முகங்களைப் பலரிடம் காட்டியபோது, ஒரே படத்தையே சிலர் சந்தோஷமாகவும் சிலர் எரிச்சலாகவும் படித்தார்கள்.

❤️ விஷயத்தில் எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் எல்லாம். சொல் எதுவும் இல்லாமல் தனியாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைப் பெரிதாக்கி, துடிக்கவும் வைக்கிறது. அது காதல் சொல்வதற்குச் சமம். அதே இதயத்தை அவர் அனுப்பிய படத்தை அழுத்திப் பிடித்து ரியாக்‌ஷனாக வைத்தால், படத்தின் ஓரத்தில் சின்னதாக உட்கார்ந்து "பிடிச்சிருக்கு" என்று மட்டும் சொல்லும். மற்ற முகங்களும் தனியாக அனுப்பினால் பெரிதாகத்தான் தெரியும். ஒரு சொல் கூட இருந்தாலும் எழுத்தின் அளவுக்குச் சுருங்கிவிடும். ஆகவே எமோஜியைத் தனி மெசேஜாக விடாமல் வரியின் முடிவிலேயே வையுங்கள். நடுவில் செருகினால் படிக்கிற ஓட்டம் தடைப்படும்.

ஸ்டிக்கருக்கு வருகிறேன். அது எப்போதும் தனி மெசேஜாகப் போகிறது, திரையில் பெரிய இடத்தை எடுக்கிறது, கடைசியாக நிற்கிறது. பேச்சு எதில் முடிந்ததோ அதற்குத்தான் பதில் வரும். நீங்கள் புடவையைப் பற்றிச் சொன்னீர்கள், ஆனால் அவர் கண் முன்னால் இருந்தது வடிவேலு. பொதுவாக வடிவேலு ஸ்டிக்கருக்குப் பதிலாக இன்னொரு வடிவேலு ஸ்டிக்கரோ ஒரு "ஹாஹா"வோ வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். இதைப் பல உரையாடல்களில் பார்க்கலாம். ஸ்டிக்கர் பதிலாகப் போகட்டும், ஆரம்பமாக வேண்டாம். மனதில் உள்ளதைச் சொன்ன வரிக்குப் பின்னால் கண்டிப்பாக வேண்டாம். இருவருக்கும் தெரிந்த ஒரு விஷயத்துக்கு, ஒரு நாளைக்கு ஒன்று. கேன்டீன் சாம்பாரைப் பற்றி அவர் புலம்பும்போது பொருத்தமான ஒரு ஸ்டிக்கர் விழுந்தால் அது அழகு. ரோஜாப்பூ குட் மார்னிங், டெடி பேர், கன்னம் உப்பிய குழந்தை இவை எல்லாம் குடும்ப குரூப்பில் பெரியப்பா அனுப்புகிறவை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: இப்போது யார் படத்தையும் ஸ்டிக்கராக வெட்டிவிட முடிகிறது. அவரைக் கேட்காமல் அவர் படத்தில் அதைச் செய்யாதீர்கள். அது எங்கெல்லாம் போகும் என்ற கவலை அவருக்கு வரும், அந்தக் கவலையோடு யாரும் நெருங்கிப் பேசமாட்டார்கள்.

இப்போது உங்கள் மெசேஜைத் திருத்திப் பார்ப்போம். "ஹாய்" தேவையில்லை, இரண்டு மாதமாகப் பேசுகிறீர்கள். "சூப்பர்" யாரும் யாருக்கும் சொல்வது. நீங்கள் மட்டும் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். இப்படி இருக்கலாம்:

"நேத்து அந்தப் பச்சைப் புடவை உங்களுக்கு அவ்ளோ நல்லா இருந்துச்சு. கோலப் போட்டி ரிசல்ட் சொன்னப்ப நான் மேடையைப் பார்க்கவே இல்ல 🙈"

முதல் வரி நேரான பாராட்டு, அதற்கு எமோஜி இல்லை. இரண்டாவது வரியில் ஒப்புதல் இருக்கிறது, அதை யாரைப் பார்த்தேன் என்று சொல்லாமல் விட்டிருக்கிறது, 🙈 அந்த விட்ட இடத்தைக் காட்டுகிறது. எடுத்துவிட்டுப் படித்தால் போட்டியில் அக்கறை இல்லை என்றுகூட அர்த்தம் வரும், ஆகவே அது அங்கே தேவை. "அப்ப யாரைப் பார்த்தீங்க?" என்று அவர் கேட்கவும் இடம் இருக்கிறது. அவர் அப்படிக் கேட்டால் "உங்களைத்தான்" என்று எழுதி, அதன் பின்னால் எதுவும் போடாதீர்கள். அந்த இடத்தில் வெறும் சொல்லுக்குத்தான் கனம்.

அளவைப் பொறுத்தவரை ஒரு மெசேஜில் ஒன்று, மூன்று நான்கு மெசேஜுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போவது அவரைப் பொறுத்தது. அவர் அடிக்கடி போடுகிறவர் என்றால் நீங்களும் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் அவரைத் தாண்டிப் போகாதீர்கள். கை பழக்கத்தில் நாலைந்து விழுந்துவிட்டால் 15 நிமிடத்துக்குள் எடிட் செய்யலாம், ஓரத்தில் எடிட் செய்ததாகக் காட்டும், அதனால் பாதகம் இல்லை. ஸ்டிக்கரை எடிட் செய்ய முடியாது. டெலீட் செய்தால் அங்கே ஒரு மெசேஜ் அழிக்கப்பட்டது என்ற அடையாளம் நிற்கும், என்ன அனுப்பியிருப்பான் என்ற யோசனை ஸ்டிக்கரைவிட மோசம். விட்டுவிடுங்கள்.

கேன்டீனில் முகத்துக்கு நேராகச் சிரித்துக்கொண்டே சொன்னார் என்பதை நல்ல அறிகுறியாகத்தான் பார்க்கிறேன். பிடிக்காதவரிடம் யாரும் அப்படிக் கேலி செய்வதில்லை. ஆனால் புது மாதிரி எழுதிய பிறகும் தொடர்ந்து 👍, "ஹ்ம்ம்", ஒற்றைச் சொல் பதில் என்றே வந்தால், அது எமோஜி கூடியதாலோ குறைந்ததாலோ அல்ல. இந்தப் பேச்சை நிறுத்தி வேலை விஷயம் மட்டும் பேசுங்கள். ஒரே ஆபீஸில் தினமும் பார்க்க வேண்டியவர் அவர்.